சிக்கல் ஐகன் பெறுமானத்திலிருந்து சைன், கோசைனுக்கு: ஒரு களப்பின் நீர்மட்டம்

(ஓட்டமாவடியில் உயர்தர, பல்கலைக்கழகக் கணித மாணவருக்கென அமைந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மாரியில் களப்பு நிரம்பி அதன் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும்போது, தண்ணீர் முகத்துவாரத்தின் வழியே கடலுக்கு இறங்குகிறது. இரண்டு மட்டங்களும் சமமாகும் கணத்தில் ஓட்டம் நின்றுவிடும் என்றே முதலில் தோன்றும். உராய்வு அளவுக்கு மிஞ்சாத கால்வாயில் அப்படி நடப்பதில்லை. கால்வாய்க்குள் நகர்ந்துகொண்டிருக்கும் தண்ணீருக்கு உந்தம் உண்டு. மட்டம் சமமான பிறகும் அது கொஞ்ச நேரம் வெளியே ஓடிக்கொண்டேயிருக்கும். களப்பு கடலைவிடத் தாழும். பின்னர் ஓட்டம் திரும்பும். இந்த அலைவைச் சமன்பாட்டில் எழுதித் தீர்த்தால் விடையில் i வருகிறது. சென்ரிமீற்றரில் அளக்கும் நீர்மட்டத்துக்கு i எங்கிருந்து வந்தது, அதை எப்படி முறையாகச் சைனும் கோசைனுமாக மாற்றுவது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

ஓட்டமாவடிப் பாலத்தின் கீழே ஓடும் வாழைச்சேனைக் களப்பின் நீரோட்டத்தில் வற்றுப்பெருக்கு, காற்று, மழைநீர் வரத்து எல்லாம் கலந்திருக்கின்றன. அவற்றை ஒதுக்கி, ஒரேயொரு கால்வாயால் கடலோடு இணைந்த ஒரு சிறு களப்பை எண்ணிக்கொள்வது கணக்குக்குப் போதும். பின்வரும் அளவுகள் கணக்கு ஒழுங்காக வரும்படி தெரிந்தெடுத்தவை. எந்தக் களப்பிலும் அளந்து பெற்றவை அல்ல. களப்பின் பரப்பு 3.6 சதுர கிலோமீற்றர். கால்வாயின் நீளம் 3600 மீற்றர், குறுக்குவெட்டு 500 சதுர மீற்றர். புவியீர்ப்பு ஆர்முடுகல் பாடசாலைக் கணக்குகளில் வழமையாக எடுப்பதுபோல் 10. கடல்மட்டம் அசையாமல் நிற்கிறது.

x என்பது கடல்மட்டத்துக்கு மேலே களப்பின் உயரம், சென்ரிமீற்றரில். y என்பது கால்வாயில் கடலை நோக்கிய வேகம், செக்கனுக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்ற கணக்கில். நேரம் t மணித்தியாலத்தில். வேகம் செக்கனுக்கு 1 சென்ரிமீற்றராக இருந்தால் செக்கனுக்கு 5 கன மீற்றர் வெளியேறும். மணித்தியாலத்துக்கு 18,000 கன மீற்றர். அதைக் களப்பின் பரப்பால் வகுத்தால் மட்டம் மணித்தியாலத்துக்கு 0.5 சென்ரிமீற்றர் இறங்குகிறது. மறுபக்கம், 1 சென்ரிமீற்றர் உயர வேறுபாடு 3600 மீற்றர் நீளத் தண்ணீரைத் தள்ளினால், உராய்வே இல்லாதபோது அதன் வேகம் ஒரு மணித்தியாலத்தில் செக்கனுக்கு 10 சென்ரிமீற்றரால் கூடும். உராய்வு வேகத்துக்கு விகிதசமமாக அதைக் குறைக்கிறது. அதன் குணகம் மணித்தியாலத்துக்கு 2 என்று கொள்ளப்படுகிறது. ஆக, தொகுதி இது:

x′ = −0.5 y
y′ = 10 x − 2 y

இதைத் தாயமாக எழுதினால் M இன் முதல் நிரை 0, −0.5, இரண்டாம் நிரை 10, −2. e^(λt) v என்ற வடிவில் தீர்வு தேடினால் Mv = λv ஆக வேண்டும். M − λI இன் துணிகோவையைப் பூச்சியமாக்கினால் கிடைப்பது:

λ² + 2λ + 5 = 0
λ = −1 + 2i அல்லது λ = −1 − 2i

சிக்கலெண் நுழைவது இந்த இடத்தில்தான். தாயத்தில் இருந்தவை மெய்யெண்கள் மட்டுமே. ஆனால் மெய்க் குணகங்கள் கொண்ட இருபடிச் சமன்பாட்டுக்கு மெய்மூலம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. மூலங்கள் ஒன்றுக்கொன்று உடன்புணரியாக வருவதும் குணகங்கள் மெய்யாக இருப்பதன் விளைவுதான். மெய்மூலம் இல்லை என்பதன் பொருள், e^(λt) என்று அலைவில்லாமல் தேய்ந்துபோகும் தீர்வு எதுவும் இந்தக் களப்புக்கு இல்லை என்பதே.

இனி λ = −1 + 2i என்ற ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். முதல் நிரையின்படி −λ v₁ − 0.5 v₂ = 0. v₁ = 1 என்று வைத்தால் v₂ = −2λ = 2 − 4i. இந்த ஐகன் காவியை இரண்டாம் நிரையில் பிரதியிட்டுச் சரிபார்ப்பது அவசியம்: 10 − (2 + λ)v₂ = 10 − (1 + 2i)(2 − 4i) = 10 − 10 = 0. பலர் இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கிறார்கள். ஒரு குறி மாறி v₂ = 2 + 4i என்று எழுதப்பட்டிருந்தால், அது மற்றைய ஐகன் பெறுமானத்துக்குரிய காவி; அதை −1 + 2i உடன் சேர்த்துப் பெறும் எதுவும் தீர்வாகாது. பிழை இங்கே அரை நிமிடத்தில் பிடிபடும். பின்னால் போனால் அது சைனுக்கும் கோசைனுக்கும் இடையில் ஒளிந்துகொள்ளும்.

அடுத்த படிக்கான கருவியை ஒயிலர் 1748 இல் வெளியிட்ட நூலில் தந்தார்: e^(iθ) = cos θ + i sin θ. அதன்படி e^((−1+2i)t) = e^(−t)(cos 2t + i sin 2t). இதை முழுக் காவியாலும் பெருக்க வேண்டும். முதற்கூறு 1 என்பதால் அது அப்படியே நிற்கிறது. இரண்டாம் கூறுக்கு (cos 2t + i sin 2t)(2 − 4i) என்ற பெருக்கத்தை விரிக்க வேண்டும். i × (−4i) = 4 என்பதால், மெய்ப்பகுதி 2 cos 2t + 4 sin 2t ஆகவும் கற்பனைப்பகுதி 2 sin 2t − 4 cos 2t ஆகவும் வருகின்றன. மெய்ப்பகுதிகளை P என்றும் கற்பனைப்பகுதிகளை Q என்றும் சேர்த்தால்:

P: x = e^(−t) cos 2t, y = e^(−t)(2 cos 2t + 4 sin 2t)
Q: x = e^(−t) sin 2t, y = e^(−t)(2 sin 2t − 4 cos 2t)

P யும் Q வும் தனித்தனியே தீர்வுகள். இதற்கான காரணம் ஒரே வரியில் அடங்கினாலும், முழு முறையும் அதன் மேல்தான் நிற்கிறது. Z = P + iQ என்பது Z′ = MZ ஐத் திருப்தி செய்கிறது; அதாவது P′ + iQ′ = MP + iMQ. M இல் மெய்யெண்கள் மட்டுமே இருப்பதால் MP மெய், MQ உம் மெய். இரண்டு சிக்கலெண்கள் சமமானால் அவற்றின் மெய்ப்பகுதிகள் சமம், கற்பனைப்பகுதிகளும் சமம். எனவே P′ = MP, Q′ = MQ. தாயத்தில் ஓர் உறுப்பு சிக்கலெண்ணாக இருந்தாலும் MP இன் கற்பனைப்பகுதி Q பக்கத்தோடு கலந்துவிடும். அங்கே இந்த முறையைப் பயன்படுத்த முடியாது. வர்க்கம் போன்ற ஏகபரிமாணமற்ற உறுப்பு சமன்பாட்டில் இருந்தாலும் இதே கதிதான்.

Q என்பது i ஐ உட்கொண்டதல்ல. கற்பனைப்பகுதி என்பது i இன் குணகமாக நிற்கும் மெய்யெண். விடைத்தாளில் Q க்கு முன்னால் i ஐ விட்டுவைத்து, பிறகு மாறிலி ஒன்றால் பெருக்கி, கடைசி விடையிலும் i இருக்க விடுவது அடிக்கடி காணப்படும் தவறு. இரண்டாம் ஐகன் பெறுமானமான −1 − 2i ஐயும் தனியே விரிக்க வேண்டுமா என்ற கேள்வியும் எழும். விரித்தால் P − iQ வரும். அதன் மெய்ப்பகுதி P, கற்பனைப்பகுதி −Q. புதிதாக ஒன்றும் கிடைக்காது. இரண்டு மாறிகள் கொண்ட தொகுதிக்குத் தேவையானவை ஒன்றையொன்று சாராத இரண்டு தீர்வுகள். உடன்புணரிச் சோடியில் ஒன்றே அவ்விரண்டையும் தந்துவிடுகிறது. P யும் Q வும் உண்மையில் ஒன்றையொன்று சாராதவைதானா என்பதை t = 0 இல் பார்க்கலாம்: அங்கே அவை (1, 2), (0, −4). ஒன்று மற்றதன் மடங்கல்ல.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. காவியின் மெய்ப்பகுதியைத் தனியே எடுத்து, அடுக்குக்குறியின் மெய்ப்பகுதியைத் தனியே எடுத்து, இரண்டையும் பெருக்கி e^(−t) cos 2t (1, 2) என்று எழுதிவிடுவது. பார்வைக்கு அது P போலவே இருக்கும். இரண்டு சிக்கலெண்களின் பெருக்கத்தின் மெய்ப்பகுதி, அவற்றின் மெய்ப்பகுதிகளின் பெருக்கம் அல்ல. கற்பனைப்பகுதிகளின் பெருக்கமும் அதில் சேரும். t = 0 இல் இதைச் சோதிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. முதல் நிரை x′ = −0.5 × 2 = −1 என்று கேட்கிறது; தவறான சார்பை வகையிட்டாலும் −1 தான் வருகிறது. அத்துடன் நிறுத்துபவர் தவறைச் சரியென்று நம்பிவிடுவார். இரண்டாம் நிரை y′ = 10 − 4 = 6 என்று கேட்கிறது; தவறான சார்பு தருவதோ −2. சோதனையை இரண்டு நிரைகளிலும் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சரியான P இன் y ஐ வகையிட்டால் −2 + 8 = 6 கிடைக்கிறது; அந்த 8 ஐத் தருவது தவறான சார்பில் காணாமற்போன 4 sin 2t என்ற உறுப்புத்தான்.

பொதுத்தீர்வு c₁P + c₂Q. களப்பு கடலைவிட 30 சென்ரிமீற்றர் உயர்ந்தும் கால்வாயில் ஓட்டம் இல்லாமலும் தொடங்குகிறது என்க. t = 0 இல் x = 30 என்பதால் c₁ = 30; y = 0 என்பதால் 2c₁ − 4c₂ = 0, ஆகவே c₂ = 15. பிரதியிட்டு ஒழுங்குபடுத்தினால்:

x = e^(−t)(30 cos 2t + 15 sin 2t)
y = 150 e^(−t) sin 2t

y இல் கோசைன் உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. தொடக்க வேகம் பூச்சியமானதால் அப்படித்தான் ஆகவேண்டும். x ஐ வகையிட்டால் −75 e^(−t) sin 2t வருகிறது, அது −0.5 y க்குச் சமம். விடை சரி.

இனி இந்த விடையைத் தண்ணீராக வாசிக்கலாம். ஓட்டம் மெல்லத் தொடங்கி, ஏறத்தாழ 33 ஆவது நிமிடத்தில் செக்கனுக்கு 77 சென்ரிமீற்றர் என்ற உச்சத்தை அடைகிறது. ஏறத்தாழ 61 ஆவது நிமிடத்தில் tan 2t = −2 ஆகி x பூச்சியமாகிறது: களப்பும் கடலும் ஒரே மட்டம். அந்தக் கணத்திலும் கால்வாயில் செக்கனுக்கு 48 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலான வேகம் கடலை நோக்கி இருக்கிறது. அந்த ஓட்டம் ஓய்வது sin 2t = 0 ஆகும்போது, அதாவது 94 ஆவது நிமிடத்தில். அப்போது களப்பு கடலைவிட 6.2 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்கும். பின்னர் கடல் உள்ளே வருகிறது. 188 ஆவது நிமிடத்தில், ஒரு முழு ஆவர்த்தன காலம் முடியும்போது, மட்டம் கடலுக்கு மேலே 1.3 சென்ரிமீற்றர். அதற்குப் பிந்தைய அசைவுகள் காற்றலையில் மறைந்துவிடும் அளவுக்குச் சிறியவை.

ஐகன் பெறுமானத்தின் இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனி வேலை இருப்பது இதில் தெரிகிறது. மெய்ப்பகுதி −1 தேய்வைத் தீர்மானிக்கிறது: ஒவ்வோர் அரை ஆவர்த்தனத்திலும் மட்டம் e^(−π/2), அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கற்பனைப்பகுதி 2 மணித்தியாலத்துக்கு எத்தனை ஆரையன் என்பதைச் சொல்கிறது. காலம் 2π/2, அதாவது π மணித்தியாலம். மெய்ப்பகுதி நேராக வந்திருந்தால் அலைவு வளர்ந்துகொண்டே போயிருக்கும். உராய்வு ஓட்டத்தைத் தடுக்கும் ஒரு தொகுதியில் அப்படி வந்தால், எங்கோ ஒரு குறி தவறியிருக்கிறது.

ஐகன் காவி சொல்வதைப் பாடநூல்கள் பல சொல்லாமல் விட்டுவிடுகின்றன, அது குறையே. x ஐ ஒரே கோசைனாகச் சுருக்கினால், 30² + 15² = 1125 என்பதால் x = 33.5 e^(−t) cos(2t − 0.46) என்று வருகிறது. y ஐயும் அப்படி எழுதினால் y = 150 e^(−t) cos(2t − 1.57). வீச்சங்களின் விகிதம் 150 ÷ 33.5, ஏறத்தாழ 4.47. அவத்தை வேறுபாடு ஏறத்தாழ 1.11 ஆரையன், வேகம் மட்டத்துக்குப் பிந்தி வருகிறது. இப்போது v₂ = 2 − 4i ஐத் திரும்பப் பார்த்தால், அதன் மட்டு √20 = 4.47, அதன் வீசல் −1.11 ஆரையன். தொடக்க நிலையைப் பயன்படுத்த முன்னரே, சைன் கோசைனை விரிக்க முன்னரே, அந்த ஒரு சிக்கலெண் இரண்டு செய்திகளையும் தாங்கி நின்றிருக்கிறது. 1.11 ஆரையனை 2 ஆல் வகுத்தால் 0.55 மணித்தியாலம், அதாவது 33 நிமிடம்: மட்டத்தின் சுழற்சிக்கும் ஓட்டத்தின் சுழற்சிக்கும் இடையே எப்போதும் உள்ள பிந்துகை அது. 94 ஆவது நிமிடத்தில் ஓட்டம் ஓய்ந்ததும் 61 ஆவது நிமிடத்தில் மட்டம் சமமானதும் சரியாக அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. மெய்யெண்களை மட்டும் கொண்ட ஐகன் காவியால் அவத்தை வேறுபாட்டைச் சொல்ல முடியாது. இரண்டு கூறுகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதை, அல்லது நேரெதிராக அசைவதை மட்டுமே அது காட்டும். களப்பின் மட்டமும் ஓட்டமும் ஒருங்கே பூச்சியமாவதில்லை என்பதாலேயே காவி சிக்கலானதாக வருகிறது.

ஒரே கணக்கைச் செய்த இருவரின் P, Q ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதனால் ஒருவர் பிழைவிட்டார் என்று ஆகாது. ஐகன் காவியைப் பூச்சியமல்லாத எந்தச் சிக்கலெண்ணாலும் பெருக்கலாம். இரண்டாம் நிரையிலிருந்து தொடங்குபவர் (1 + 2i, 10) என்ற காவியைப் பெறுவார். அது முந்தைய காவியின் (1 + 2i) மடங்கு. அதை விரித்தால் மெய்ப்பகுதி P − 2Q, கற்பனைப்பகுதி 2P + Q. வேகக் கூறுகள் 10 e^(−t) cos 2t, 10 e^(−t) sin 2t என்று முன்னதைவிட எளிமையாகவே வருகின்றன. மாறிலிகள் வேறாக இருக்கும். தொடக்க நிலையைப் பிரதியிட்ட பிறகு x, y இரண்டும் அதே சார்புகளாகத்தான் முடியும். கணினியில் numpy.linalg.eig காவியை ஒரலகு நீளத்துக்குச் சுருக்கித் தருவதால் அதன் எண்கள் கையால் செய்தவற்றோடு ஒத்திருப்பதில்லை. அப்போது ஒப்பிட வேண்டியது v₂/v₁ என்ற விகிதத்தை. −1 + 2i க்குரிய காவியில் அது எப்போதும் 2 − 4i ஆக இருக்கும்.

P, Q என்று பிரிக்காமல், இரண்டு சிக்கல் தீர்வுகளையும் வைத்துக்கொண்டே தொடக்க நிலையைப் பிரதியிடும் வழியும் உண்டு. களப்புக்கு அப்படிச் செய்தால் ஒரு மாறிலி 15 − 7.5i, மற்றது 15 + 7.5i. தொடக்க நிலை மெய்யாக இருந்தால் மாறிலிகள் கட்டாயம் உடன்புணரிச் சோடியாக வரும். கூட்டும்போது கற்பனைப்பகுதிகள் நீங்கி, ஒன்றின் மெய்ப்பகுதியின் இருமடங்கு மிஞ்சும். 2 × 15 = 30, 2 × 7.5 = 15 என்று முன்னர் கண்ட குணகங்களே திரும்ப வருகின்றன. இவ்வழியில் மாறிலிகள் சோடியாக வராவிட்டால் பிழை உண்டு என்று உடனே அறியலாம். கணினியில் செய்யும்போது கடைசி விடையில் 10⁻¹⁶ அளவில் கற்பனை எச்சம் நிற்பது முழுமையாக்கலால் வருவது; அதைத் தள்ளிவிடலாம். கண்ணுக்குத் தெரியும் அளவில் எச்சம் இருந்தால் மெய்ப்பகுதியை மட்டும் எடுத்து அதை மறைக்கக் கூடாது.

இந்தச் சைன், கோசைன் வடிவம் எங்கே முடிவடைகிறது என்பதையும் இதே களப்பில் பார்க்கலாம். கிழக்குக் கரையின் முகத்துவாரங்களில் அலை மணலைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் கோடையில் மணல்மேட்டால் அடைபடுவதும் மாரியில் அதை வெட்டி விடுவதும் அப்பகுதி மக்கள் நன்கறிந்தவை. மணல் சேரச் சேரக் குறுக்குவெட்டு சுருங்குகிறது. உராய்வுக் குணகத்தை 2 ஆகவே வைத்து, குறுக்குவெட்டை A சதுர மீற்றர் என்று எழுதினால், சமன்பாடு λ² + 2λ + 0.01A = 0 ஆகும். கற்பனைப்பகுதி β = √(0.01A − 1). 500 இல் β = 2. 200 இல் β = 1; அலைவு இருக்கிறது, ஆனால் 30 சென்ரிமீற்றரில் தொடங்கிய களப்பு கடலுக்குக் கீழே 1.3 சென்ரிமீற்றர்தான் இறங்கும். 100 இல் β பூச்சியமாகி இரண்டு மூலங்களும் −1 இல் ஒன்றாகின்றன. அதற்குக் கீழே மூலங்கள் இரண்டும் மெய். சைனுக்கும் கோசைனுக்கும் அங்கே இடமில்லை. 50 சதுர மீற்றரில் மூலங்கள் −0.29, −1.71. களப்பு கடலைத் தாண்டித் தாழாமல், மெதுவாக வடிந்துகொண்டேயிருக்கும். கால்வாய் ஆழம் குறையும்போது உராய்வும் கூடும் என்பதால், உண்மையில் அலைவு இன்னும் முன்னதாகவே நின்றுவிடும்.

β = 0 ஆகும் அந்த ஓர் இடத்தில் சூத்திரத்தைக் கவனமின்றிப் பயன்படுத்தினால் sin 0 = 0 ஆகி இரண்டாம் தீர்வு காணாமற்போகும். அதே தொடக்க நிலைக்கு, 100 க்கு மேற்பட்ட எந்த A க்கும் மட்டம் இது:

x = 30 e^(−t)(cos βt + (1/β) sin βt)

β = 2 என்று இட்டால் முன்னர் பெற்ற விடையே வருகிறது. β பூச்சியத்தை நெருங்கும்போது cos βt ஒன்றை நெருங்குகிறது. (1/β) sin βt என்பது t ஐ நெருங்குகிறது. எனவே எல்லையில் x = 30 e^(−t)(1 + t). மீளும் மூலத்துக்கு t e^(λt) என்ற உறுப்பைச் சேர்க்க வேண்டும் என்று பாடநூல்கள் விதியாகத் தருவது, சைன் உறுப்பு β ஆல் வகுபட்டு விட்டுச்சென்ற எச்சமேயாகும்.